டிவி ஸ்டிக்கில் விபிஎன்: வாடகைச் சர்வரா, சொந்த வீட்டு இணைப்பா?

கேள்வி: வேலைக்காக எட்டு மாதம் வேறு நாட்டில் தங்கியிருக்கிறேன். ஃபயர் டிவி ஸ்டிக்கைக் கையோடு கொண்டுவந்துவிட்டேன். வீட்டில் பணம் கட்டிப் பார்த்துவந்த சேவை, "உங்கள் பகுதியில் கிடைக்காது" என்கிறது. கைப்பேசியில் விபிஎன் போட்டு, அதிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்துப் பார்த்தேன், பயனில்லை. ஸ்டிக்கிலேயே விபிஎன் போட முடியுமா? எந்தச் செயலி நல்லது? இலவசமானது போதுமா?

பதில்:

ஸ்டிக்கிலேயே போடலாம், பத்து நிமிட வேலைதான். ஆனால் உங்கள் தேவைக்கு, சந்தா கட்டி வாங்கும் விபிஎன்னைவிட உங்கள் சொந்த வீட்டு இணைப்பையே விபிஎன் சர்வராக மாற்றிக்கொள்வதுதான் நன்றாக வேலை செய்யும். போன ஆண்டு வெளிநாட்டுக்குப் படிக்கப் போன என் தம்பிக்கு முதல் வழியை அமைத்துக் கொடுத்து, அது சரிப்படாமல் இரண்டாவது வழிக்கு வந்தோம். இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், ஹாட்ஸ்பாட் முயற்சி ஏன் தோற்றது என்பது. கைப்பேசியில் விபிஎன் ஓடும்போது, அந்தக் கைப்பேசியில் இருக்கும் செயலிகளின் போக்குவரத்து மட்டுமே விபிஎன் வழியாகப் போகிறது. ஹாட்ஸ்பாட்டில் வந்து ஒட்டிக்கொள்ளும் பிற கருவிகளின் போக்குவரத்தை, ஆண்ட்ராய்டும் ஐபோனும் விபிஎன்னுக்குள் விடாமல் நேராக மொபைல் இணைப்பில் அனுப்பிவிடுகின்றன. அதனால் உங்கள் ஸ்டிக் அப்போதும் நீங்கள் இருக்கும் நாட்டின் ஐபி முகவரியோடுதான் வெளியே போனது. கைப்பேசியிலிருந்து டிவிக்குக் காஸ்ட் செய்தாலும் இதே கதைதான். கைப்பேசி "இந்தப் படத்தை ஓட்டு" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. படத்தை இணையத்திலிருந்து எடுப்பது டிவியில் செருகியிருக்கும் கருவி. ஆகவே விபிஎன் ஸ்டிக்கில் ஓட வேண்டும், அல்லது ஸ்டிக் இணைந்திருக்கும் ரவுட்டரில் ஓட வேண்டும். வேறு இடத்தில் ஓடினால் பயனில்லை.

அடுத்து, உங்களிடம் இருப்பது எந்த ஸ்டிக் என்று பாருங்கள். `Settings > My Fire TV > About` என்ற இடத்துக்குப் போனால் இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும் தெரியும். Fire OS என்று இருந்தால் அது ஆண்ட்ராய்டின் ஒரு வடிவம். அதில் 5 என்றால் ஆண்ட்ராய்டு 5.1, 6 என்றால் 7.1, 7 என்றால் 9. பதிப்பு 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவலையில்லை. இங்கே நான் சொல்லும் எல்லாம் அதில் ஓடும். 5 என்றால் பல செயலிகளின் புதிய பதிப்புகள் ஏறாது. Vega OS என்று இருந்தால் நின்று யோசியுங்கள். 2025-இல் வந்த ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட் அந்த வகை. அது ஆண்ட்ராய்டே இல்லை. ஆண்ட்ராய்டு விபிஎன் செயலியின் கோப்பை எங்கிருந்தாவது இறக்கி அதில் ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த இயங்குதளத்துக்கென்றே எழுதப்பட்ட செயலி அதன் கடையில் இருந்தால்தான் உண்டு.

மற்றவர்களுக்காக ஒரு வரி: கூகுள் டிவி கொண்ட குரோம்காஸ்டிலும் ப்ளே ஸ்டோர் வழியாக இதே செயலிகள் கிடைக்கின்றன. அதற்கு முந்தைய, ரிமோட் இல்லாத குரோம்காஸ்டிலும் ரோக்குவிலும் விபிஎன் செயலியே கிடையாது. அங்கே ரவுட்டர் ஒன்றுதான் வழி.

இனி செயலி. நார்டுவிபிஎன், எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், புரோட்டான் விபிஎன் ஆகியவற்றுக்கெல்லாம் ஃபயர் டிவிக்கான பதிப்பு அமேசான் செயலிக் கடையிலேயே இருக்கிறது. இவற்றில் எது "சிறந்தது" என்ற பட்டியல்களில் நேரம் செலவிட வேண்டாம். ஒரு சர்வர் இன்று ஒரு சேவையில் வேலை செய்யும், அடுத்த வாரம் செய்யாது. அதை வைத்துத் தரவரிசை போட முடியாது. நிலையான குணங்களைப் பாருங்கள். டிவி ரிமோட்டின் அம்புக்குறி பொத்தான்களாலேயே செயலி முழுவதையும் இயக்க முடிகிறதா? கைப்பேசிக்கான பதிப்பை வலிந்து ஏற்றினால், சில பொத்தான்களுக்கு ரிமோட் போகவே போகாது. ஸ்டிக் எழுந்தவுடன் தானாக இணையும் வசதி இருக்கிறதா? குறிப்பிட்ட செயலிகளை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே விடும் வசதி, அதாவது `Split tunneling`, டிவிப் பதிப்பிலும் இருக்கிறதா? கைப்பேசிப் பதிப்பில் இருந்துவிட்டு டிவிப் பதிப்பில் இல்லாமல் போவது நடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நெறிமுறையைப் பாருங்கள், அதாவது விபிஎன் தரவை மறைத்து அனுப்பும் முறையை: வயர்கார்ட் என்ற நெறிமுறையோ அதை அடிப்படையாகக் கொண்ட ஒன்றோ இருக்க வேண்டும். நார்டு அதை `NordLynx` என்ற பெயரில் வைத்திருக்கிறது. எக்ஸ்பிரஸ்விபிஎன் மட்டும் `Lightway` என்று தனக்கென ஒன்றை எழுதி வைத்திருக்கிறது, அதுவும் இலகுவானதே.

நெறிமுறையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஸ்டிக்கின் பிராசசர் சிறியது, நினைவகமும் குறைவு. 2020-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஃபயர் டிவி ஸ்டிக்கில் ரேம் 1 ஜிபிதான். விபிஎன் ஓடும்போது, வரும் ஒவ்வொரு பொட்டலத்தையும் மறைகுறியிலிருந்து அவிழ்க்கும் வேலை அந்தச் சின்னப் பிராசசரின் தலையில் கூடுதலாக விழுகிறது. ஓப்பன்விபிஎன் என்ற பழைய நெறிமுறை இந்த வேலையைப் பெரும்பாலும் பிராசசரின் நான்கு கருக்களில் ஒன்றில் மட்டும் செய்கிறது. மற்ற மூன்று கருக்கள் சும்மா இருந்தாலும் உதவிக்கு வராது. வயர்கார்ட் பயன்படுத்தும் மறைகுறி முறை, கைப்பேசி, ஸ்டிக் போன்றவற்றில் இருக்கும் எளிய பிராசசர்களுக்கும் இலகுவானது. என் தம்பியின் அறையில் அளக்கச் சொல்லி நான் வாங்கிய எண்கள் இவை. விபிஎன் இல்லாமல் ஸ்டிக்குக்கு வந்த வேகம் 35 எம்பிபிஎஸ். செயலி தானாகத் தேர்ந்துகொண்ட ஓப்பன்விபிஎன்னில் 10. அதே சர்வர், அதே இரவு, அமைப்பில் வயர்கார்ட் என்று மாற்றியதும் 27. உங்கள் ஸ்டிக்கில் எண்கள் வேறாக இருக்கும். இடைவெளி இருக்கும் திசை மாறாது.

எவ்வளவு வேகம் போதும்? நெட்ஃப்ளிக்ஸ் முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் என்று பரிந்துரைக்கிறது. பிற சேவைகளும் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கின்றன. உங்கள் ஸ்டிக் முழு எச்டி வகை என்றால் 8 எம்பிபிஎஸ் நிலையாக வந்தாலே போதும். அதற்கு மேல் துரத்த வேண்டியதில்லை.

இலவசம் போதுமா என்று கேட்டீர்கள். ஒரு கணக்குப் போடுங்கள். நொடிக்கு 5 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 5 × 3600 ÷ 8, அதாவது சுமார் 2.25 ஜிபி. மாதத்துக்கு 10 ஜிபி என்று வரம்பு வைக்கும் இலவசத் திட்டத்தில் நாலரை மணி நேரம் பார்க்கலாம். இரண்டு படத்தோடு மாதம் முடிந்தது. நல்ல பெயருள்ள நிறுவனங்களின் இலவசத் திட்டங்கள் பரிசோதனைக்கு உதவும், அவ்வளவுதான். வரம்பே இல்லாமல் இலவசம் என்று முன்பின் தெரியாத பெயரில் வரும் செயலிகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். 2015-இல் ஹோலா என்ற இலவச விபிஎன்னின் உண்மை வெளியானது நினைவிருக்கலாம்: அதைப் பயன்படுத்தியவர்களின் இணைப்புகளே பிறருடைய போக்குவரத்து வெளியேறும் வாசலாக விற்கப்பட்டன. டிவி ஸ்டிக் இரவும் பகலும் மின்சாரத்தில் செருகியே இருக்கிறது. திரையை அணைத்துவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இப்படிப்பட்ட திருட்டுக்கு அதைவிட வசதியான கருவி வீட்டில் வேறில்லை.

நிறுவுவதில் சிக்கல் எதுவும் இல்லை. கடையில் தேடி நிறுவுங்கள். திறந்ததும் திரையில் ஒரு குறியீடு வரும். கைப்பேசி உலாவியில் உங்கள் கணக்கில் நுழைந்து அதைக் கொடுங்கள். நீண்ட கடவுச்சொல்லை ரிமோட்டால் எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டாம். முதல் முறை இணைக்கும்போது, இந்தச் செயலி விபிஎன் அமைக்க அனுமதி கேட்கிறது என்று ஒரு பெட்டி வரும்; சம்மதியுங்கள். பிறகு செயலியின் அமைப்புக்குள் போய் `Automatic` என்று இருக்கும் நெறிமுறையை `WireGuard` என்று நீங்களே மாற்றுங்கள்.

இணைந்துவிட்டது என்று செயலி சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். ஸ்டிக்கில் இருக்கும் சில்க் உலாவியில் `ipleak.net` திறந்து, காட்டும் நாடு எது என்று பாருங்கள். ஐபி முகவரி ஒரு நாட்டையும், இணையதளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்களின் பட்டியல் கீழே நீங்கள் தங்கியிருக்கும் இடத்தின் இணைய நிறுவனத்தையும் காட்டினால், பெயர் கேட்கும் போக்குவரத்து விபிஎன்னுக்கு வெளியே கசிகிறது என்று பொருள். அதேபோல் ஐபிவி6 என்ற வரியில் முகவரி தெரிகிறதா என்றும் பாருங்கள். விபிஎன் பழைய வகை முகவரியை மட்டும் மூடி, புதிய வகையைத் திறந்தே விட்டிருந்தால், சேவை அந்தத் திறந்த கதவு வழியாகவே உங்கள் உண்மையான இடத்தைத் தெரிந்துகொள்ளும். பிறகு அதே உலாவியில் `fast.com` திறந்து வேகத்தைப் பாருங்கள். இந்த இரண்டும் சரியாக இருந்தும் படச் சேவை பழையபடி மறுத்தால், அந்தச் செயலி பழைய இடத்தை நினைவில் வைத்திருக்கிறது. `Settings > Applications > Manage Installed Applications` என்பதில் அதைத் தேர்ந்து, `Force stop` கொடுத்து, `Clear cache` கொடுத்து, மறுபடி திறங்கள். பாதிப் பேர் இந்தப் படியைத் தவறவிட்டு விபிஎன்னைக் குறை சொல்கிறார்கள்.

என் தம்பிக்கு இவ்வளவும் சரியாக வந்தன. முதல் பத்து நாள் ஒழுங்காக ஓடியது. அதன் பிறகு சேவையின் திரையில், நீங்கள் விபிஎன் அல்லது பிராக்சி பயன்படுத்துகிறீர்கள், அதை அணைத்துவிட்டு முயலுங்கள் என்ற அறிவிப்பு. சர்வரை மாற்றினோம், இரண்டு நாள் தாங்கியது. மறுபடி அதே அறிவிப்பு. விபிஎன் நிறுவனத்தின் உதவிப் பிரிவு ஒவ்வொரு முறையும் வேறொரு சர்வரின் பெயரைக் கொடுத்தது. படிப்பு முடிந்து களைத்து வந்தவன் தினமும் கால் மணி நேரம் சர்வர் தேடிக்கொண்டிருந்தான்.

இது அந்த நிறுவனத்தின் குறை மட்டும் அன்று. சந்தா விபிஎன்களின் சர்வர்கள் பெரும்பாலும் தரவு மையங்களில் இருக்கின்றன. அந்த முகவரிகள் எந்தத் தரவு மையத்துக்கு உரியவை என்பது பொதுப் பதிவில் இருக்கிறது. வீட்டு இணைப்பின் முகவரி எது, தரவு மையத்தின் முகவரி எது என்று பிரித்து விற்கும் பட்டியல்களே உண்டு. மேலும் ஒரே முகவரியிலிருந்து நூற்றுக்கணக்கான கணக்குகள் ஒரே இரவில் படம் பார்த்தால், அது வீடாக இருக்க முடியாது என்று யாருக்கும் தெரியும். ஒளிபரப்பு உரிமை நாடுவாரியாக விற்கப்படுவதால், சேவை நிறுவனங்கள் அந்த முகவரிகளை அடைத்தே ஆக வேண்டிய ஒப்பந்தத்தில் இருக்கின்றன. நெட்ஃப்ளிக்ஸ் இதில் இன்னொரு வழியைக் கையாள்கிறது: விபிஎன் என்று தெரிந்தால், உலகம் முழுவதற்கும் தன்னிடம் உரிமை உள்ள படங்களை மட்டும் காட்டுகிறது. விளம்பரங்களோடு வரும் அதன் மலிவான திட்டத்தில் விபிஎன் வேலையே செய்யாது.

அப்போதுதான் இரண்டாவது வழிக்கு வந்தோம். எங்கள் வீட்டில் ரவுட்டருக்குப் பக்கத்தில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி ஒன்று சும்மா கிடந்தது. அதை டெயில்ஸ்கேல் என்ற சேவையின் வெளியேறும் முனையாக்கி, தம்பியின் ஸ்டிக்கில் அதே செயலியைப் போட்டோம். இப்போது அவன் ஸ்டிக் முதலில் எங்கள் வீட்டுக்கு வருகிறது. எங்கள் வீட்டு இணைப்பிலிருந்து இணையத்துக்குப் போகிறது. சேவையின் கண்ணுக்கு, எப்போதும் பார்த்த அதே வீடு, அதே முகவரி, அதே கணக்கு. தரவு மையம் எங்கும் இடையில் இல்லை.

டெயில்ஸ்கேல் உள்ளே பயன்படுத்துவது வயர்கார்ட்தான். தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசத் திட்டம் இருக்கிறது. படத்தின் போக்குவரத்து அதன் நிறுவனத்தின் சர்வர்களில் தங்குவதில்லை. இரு முனைகளையும் அறிமுகப்படுத்தி வைப்பதுதான் அதன் முக்கிய வேலை. ஆண்ட்ராய்டு 8 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்பதால்தான் முன்பே Fire OS 7 என்று சொன்னேன். அமேசான் கடையில் `Tailscale` என்று தேடினால் கிடைக்கும்.

வீட்டில் எப்போதும் ஓடும் லினக்ஸ் கணினி ஒன்று வேண்டும். ராஸ்பெரி பை தாராளமாகப் போதும். அங்கே டெயில்ஸ்கேலை நிறுவிய பிறகு, பிறர் போக்குவரத்தைக் கடத்திவிட அந்தக் கணினிக்கு அனுமதி தர வேண்டும். வீட்டில் இருப்பவர் இந்த வரிகளை அப்படியே ஒட்டினால் போதும்:

```
echo 'net.ipv4.ip_forward = 1' | sudo tee -a /etc/sysctl.d/99-tailscale.conf
echo 'net.ipv6.conf.all.forwarding = 1' | sudo tee -a /etc/sysctl.d/99-tailscale.conf
sudo sysctl -p /etc/sysctl.d/99-tailscale.conf
sudo tailscale up --advertise-exit-node
```

கடைசி வரி, "என் வழியாக வெளியே போகலாம்" என்று அந்தக் கணினியை அறிவிக்க வைக்கிறது. அறிவித்தால் மட்டும் போதாது. டெயில்ஸ்கேலின் நிர்வாகப் பக்கத்தில் அந்தக் கணினியைத் தேர்ந்து, `Edit route settings` என்பதற்குள் `Use as exit node` என்பதை நீங்கள் அனுமதிக்க வேண்டும். இதை மறந்தால் ஸ்டிக்கின் பட்டியலில் உங்கள் வீடு தெரியவே தெரியாது. அனுமதித்த பிறகு ஸ்டிக்கில் அதே கணக்கில் நுழைந்து, `Exit node` என்ற இடத்தில் வீட்டுக் கணினியைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே `Allow LAN access` என்று ஒன்று இருக்கும், அதையும் இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அறையில் இருக்கும் கைப்பேசியிலிருந்து ஸ்டிக்குக்குக் காஸ்ட் செய்வதும், கைப்பேசியை ரிமோட்டாகப் பயன்படுத்துவதும் நின்றுபோகலாம்.

இந்த வழியின் வேகத்தைத் தீர்மானிப்பது உங்கள் வீட்டு இணைப்பின் ஏறுமுக வேகம். படம் சேவையிலிருந்து வீட்டுக்கு இறங்குகிறது. வீட்டிலிருந்து உங்களுக்கு ஏறிப் போகிறது. எனவே வீட்டில் 100 எம்பிபிஎஸ் இறங்கினாலும் ஏறுமுகம் 5 தான் என்றால், உங்களுக்குக் கிடைப்பது அந்த 5-க்குள்தான். எங்கள் வீட்டில் ஏறுமுகம் 30. தம்பிக்கு 22 கிடைக்கிறது. முழு எச்டிக்கு மிச்சம் மீதியோடு போதும். வீட்டில் யாரையாவது கணினியில் வேகச் சோதனை செய்யச் சொல்லி, `Upload` என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது 10-க்கு மேல் இருந்தால் தயங்காமல் இறங்குங்கள்.

அந்த எண் நன்றாக இருந்தும் படம் நின்று நின்று வந்தால், இரு முனைகளும் நேராகப் பேசவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அப்படிப்பட்ட இணைப்புக்கு வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. டெயில்ஸ்கேல் இதைச் சுற்றிப்போகப் பெரும்பாலும் ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிறது; முடியாதபோது தன் இடைமாற்றுச் சர்வர் வழியாக அனுப்புகிறது. அது படம் பார்ப்பதற்கான வேகம் கொண்டதன்று. வீட்டுக் கணினியில் இதைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்:

```
tailscale status
```

படம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்டிக்கின் வரியில் `direct` என்று இருந்தால் நேர் இணைப்பு. `relay` என்று இருந்தால் இடைமாற்று. `relay` என்றால், வீட்டு ரவுட்டரில், உள்ளே இருக்கும் கருவிகளுக்கு வெளியிலிருந்து வழி திறந்துவிடும் யுபிஎன்பி வசதி அணைந்திருக்கிறதா என்று பார்த்து இயக்குங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால், தங்கியிருக்கும் இடத்து வைஃபையை விட்டுக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஸ்டிக்கை இணைத்து ஒருமுறை சோதியுங்கள். அப்போது `direct` வந்தால், குற்றம் விடுதி வைஃபையின் பக்கம்.

விடுதி வைஃபை என்றதும் இன்னொன்று. அறை எண்ணும் கடவுச்சொல்லும் கேட்டு ஒரு பக்கம் திறக்கும் வகை வைஃபையாக இருந்தால், விபிஎன் இணைந்திருக்கும்போது அந்தப் பக்கம் வரவே வராது. முதலில் விபிஎன்னை அணைத்து, அந்தப் பக்கத்தில் நுழைந்து, இணையம் வருகிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு விபிஎன்னை இயக்குங்கள். சில இடங்களில் வயர்கார்ட் பயன்படுத்தும் யுடிபி வகைப் போக்குவரத்தையே அடைத்திருப்பார்கள். சந்தா விபிஎன் செயலி "இணைகிறது" என்றே சுற்றிக்கொண்டிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அங்கே மட்டும் ஓப்பன்விபிஎன்னை டிசிபி முறையில் வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக இருந்தாலும் ஓடும்.

ஸ்டிக்கில் விபிஎன் ஓடுவதில் உள்ள ஒரு பலவீனத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில், விபிஎன் அறுந்தால் இணையத்தையே நிறுத்திவிடும் அமைப்பு இயங்குதளத்திலேயே இருக்கிறது. ஃபயர் டிவியின் அமைப்புப் பட்டியலில் அந்தப் பக்கமே இல்லை. விபிஎன் இணைந்திருக்கிறதா என்று காட்டும் சாவிச் சின்னமும் திரை ஓரத்தில் நிற்பதில்லை. ஸ்டிக் தூங்கி எழும்போதும், நினைவகம் போதாமல் பின்னணியில் ஓடும் செயலியை இயங்குதளம் மூடும்போதும், விபிஎன் சத்தமில்லாமல் அறுந்து, படச் செயலி உங்கள் உண்மையான முகவரியோடு பேசத் தொடங்கிவிடும். "நேற்று ஓடியது, இன்று பகுதியில் கிடைக்காது என்கிறது" என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். படச் செயலியைத் திறப்பதற்கு முன் விபிஎன் செயலியைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிடுவது பழக்கமாகட்டும். 1 ஜிபி ரேம் உள்ள ஸ்டிக் என்றால், பயன்படுத்தாத செயலிகளை நீக்கிவிடுங்கள். டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் எடுக்காமல், ஸ்டிக்கோடு வந்த அடாப்டரில் செருகுங்கள். விபிஎன் ஓடும்போது பிராசசர் கூடுதலாக உழைக்கிறது, போதிய மின்சாரம் இல்லாவிட்டால் ஸ்டிக் நடுவில் மறுதொடக்கம் ஆகும்.

இன்னும் சில எல்லைகள். விபிஎன் மாற்றுவது உங்கள் ஐபி முகவரியை மட்டும். அமேசான் கடையில் எந்தச் செயலிகள் தெரியும் என்பது உங்கள் அமேசான் கணக்கில் பதிவான நாட்டைப் பொறுத்தது. விபிஎன் போட்டாலும் அது மாறாது. உங்கள் கணக்கு சொந்த நாட்டிலேயே இருப்பதால் உங்களுக்கு இது சாதகம்தான். அதை மாற்றாமல் விட்டுவிடுங்கள். சில நேரலைச் சேவைகள் கைப்பேசி வழியாக இருப்பிடத்தை உறுதிசெய்யச் சொல்லும். அங்கே ஸ்டிக்கில் இருக்கும் விபிஎன் உதவாது. பல சேவைகளின் விதிமுறைகள் இருப்பிடத்தை மறைப்பதைத் தடை செய்கின்றன. நீங்கள் பணம் கட்டிய கணக்காகவே இருந்தாலும், சொந்த வீட்டின் வழியாகவே போனாலும், அந்த விதி உங்களுக்கும் பொருந்தக்கூடும். சில நாடுகளில் விபிஎன் பயன்பாட்டுக்கே சட்டக் கட்டுப்பாடு உண்டு. சேவையின் விதிமுறையையும் நீங்கள் தங்கியிருக்கும் நாட்டின் சட்டத்தையும் ஒருமுறை படித்துவிட்டு முடிவெடுங்கள்.

கடைசியாக, நீங்கள் எட்டு மாதம் என்று சொன்னதால் குறிப்பாக இது. டெயில்ஸ்கேலில் ஒவ்வொரு கருவியின் சாவியும் இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். வீட்டுக் கணினியின் சாவி காலாவதியானால், யாராவது அதன் முன் உட்கார்ந்து மறுபடி உள்நுழைய வேண்டும். வீட்டில் இருப்பவருக்குக் கணினி பழக்கம் இல்லை என்றால், ஆறாவது மாதத்தில் எல்லாம் நின்றுவிடும். நிர்வாகப் பக்கத்தில் அந்தக் கணினிக்கு மட்டும் `Disable key expiry` என்பதை இன்றே தேர்ந்துவிடுங்கள். மின்சாரம் போய் வந்தால் டெயில்ஸ்கேல் தானாகவே மீண்டும் தொடங்கும். வீட்டில் இருப்பவர்களிடம், துடைக்கும்போது அந்தச் சின்னப் பெட்டியின் செருகியைப் பிடுங்கி வைத்துவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.